மஞ்சள் கனெக்டரில் பிளஸ் எந்தப் பக்கம்? எக்ஸ்டி-60 சால்டர் செய்யும் முறை

ட்ரோன் பேட்டரியை மாட்டப் பயன்படும் மஞ்சள் நிற எக்ஸ்டி-60 கனெக்டரைத் தலைகீழாகச் செருக முடியாது. அதன் முகத்தைப் பார்த்தால் ஒரு பக்கம் சதுரமாக இருக்கும், மறுபக்கம் இரண்டு மூலைகளும் சரிவாகச் சீவியிருக்கும். சதுரப் பக்கம் பிளஸ், சீவிய பக்கம் மைனஸ். மாற்றிப் போட்டால் பிளாஸ்டிக்கே உள்ளே விடாது. அதை நம்பித்தான் கண்ணை மூடிக்கொண்டுகூட பேட்டரியை மாட்டுகிறோம்.

அந்தப் பிளாஸ்டிக் காவல் செருகும் நேரத்துக்கு மட்டும்தான். பின்பக்கம் ஒயரைச் சால்டர் செய்ய இரண்டு சின்ன உலோகக் கிண்ணங்கள் இருக்கும்; சிவப்பு ஒயரை எந்தக் கிண்ணத்தில் வைத்து ஈயம் விடுகிறீர்கள் என்பதை அது கவனிக்காது. சால்டர் செய்யும்போது மாற்றி வைத்துவிட்டால், அதன் பிறகு அதே வடிவம் உங்களுக்கு எதிராக வேலை செய்யும். தப்பான துருவத்தை ஒவ்வொரு முறையும் கச்சிதமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

என் முதல் ஐந்து இன்ச் புரொப்பெல்லர் ட்ரோனில் நான் செய்தது அதைத்தான். புது கனெக்டரைக் கையில் எடுத்து, செருகும் முகத்தை என் பக்கம் திருப்பி, "பிளஸ் இடது" என்று மனதில் குறித்துக்கொண்டேன். பிறகு சால்டர் செய்வதற்காகத் திருப்பிக் கிளிப்பில் மாட்டினேன். திருப்பியதும் இடது வலதாகிவிட்டது, மனதில் மட்டும் இடது இடதாகவே இருந்தது. பேட்டரியைச் செருகியதும் பட்டாசுத் திரி பற்றுகிற மாதிரி ஒரு 'சுர்' சத்தம், வெள்ளைப் புகை. பிடுங்குவதற்குள் முடிந்துவிட்டது. நான்கு மோட்டாரின் வேகத்தையும் கட்டுப்படுத்தும் பொதுவான இஎஸ்சி போர்டு போனது, அதோடு சேர்ந்து ட்ரோனின் மூளையான ஃப்ளைட் கன்ட்ரோலரும் போனது.

அதனால் முதல் விதி: பிளஸ், மைனஸை எப்போதும் ஒயர் போகும் பின்பக்கத்திலிருந்துதான் பார்க்க வேண்டும். கிண்ணங்களுக்கு அருகே பிளாஸ்டிக்கிலேயே '+', '−' என்று மேடாக அச்சு இருக்கும். மஞ்சள் மேல் மஞ்சள் என்பதால் சட்டென்று கண்ணில் படாது. டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். தெரிந்ததும் '+' பக்கத்தில் சிவப்பு மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். கனெக்டரை எத்தனை முறை திருப்பினாலும் அந்தக் கோடு இடம் மாறாது.

துருவம் மாறினால் ஏன் கண் இமைக்கும் நேரத்தில் எல்லாம் போகிறது? இஎஸ்சியில் ஒவ்வொரு மோட்டார் ஒயருக்கும் மேலே ஒன்று, கீழே ஒன்று என மாஸ்ஃபெட் எனப்படும் மின்னணு ஸ்விட்சுகள் இருக்கும். இரண்டும் பேட்டரியின் பிளஸுக்கும் மைனஸுக்கும் நடுவே வரிசையாக நிற்கின்றன. மாஸ்ஃபெட்டின் உள்ளேயே, அதன் அமைப்பினால், ஒரு டையோடும் சேர்ந்தே வருகிறது. பேட்டரி சரியாக இருக்கும்வரை அந்த டையோடு மின்சாரத்தை விடாத திசையில் நிற்கும், அது இருப்பதே தெரியாது. துருவம் மாறினால் மேலும் கீழும் உள்ள இரண்டு டையோடுகளும் விடுகிற திசைக்கு வந்துவிடும். பேட்டரிக்கு அது நேரடி ஷார்ட். மாஸ்ஃபெட்டை ஆஃப் செய்து இதைத் தடுக்க முடியாது, டையோடுக்கு அனுமதி தேவையில்லை. பக்கத்தில் இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரும் தலைகீழ் மின்னழுத்தத்தைத் தாங்காது, சூடாகி வாயு விட்டு வெடிக்கும். தலைகீழ் காப்பு என்று தனியாக ஒன்று வைத்தால், 60, 100 ஆம்பியர் ஓடும் பாதையில் அதுவே சூடாகும், எடையும் கூடும். அதனால் பெரும்பாலான ட்ரோன் இஎஸ்சிகளில் அது கிடையாது.

இதைவிட மோசமான இடம் ஒன்று இருக்கிறது. பல பேட்டரி பேக்குகளை ஒரே பலகையில் மாட்டிச் சேர்த்துச் சார்ஜ் செய்கிறவர்கள் உண்டு. அதில் ஒரு பேக்கின் கனெக்டர் மாறியிருந்தால், இரண்டு பேக்கின் மின்னழுத்தமும் கூடி, இரண்டும் ஒன்றையொன்று ஷார்ட் செய்யும். அங்கே போவது போர்டு மட்டும் அல்ல, வீட்டுக்குள் தீ.

எந்தப் பாதி எங்கே

கனெக்டர் இரண்டு பாதியாக வரும். ஒன்றில் பித்தளைக் குச்சிகள் வெளியே தெரியும். மற்றொன்றில் உலோகம் பிளாஸ்டிக்குக்குள் பதுங்கி, ஓட்டை மட்டும் தெரியும். ஓட்டை உள்ள பாதிதான் பேட்டரிக்கு. பேட்டரியில் எப்போதும் மின்சாரம் இருக்கிறது, பையில் சாவிக்கொத்தோடு கிடந்தாலும் அதன் உலோகத்தில் எதுவும் படக்கூடாது. குச்சி உள்ள பாதி ட்ரோனுக்கும் சார்ஜர் ஒயருக்கும். கடையில் 'மேல்', 'ஃபீமேல்' என்று கேட்டால் குழப்பம் வரும். சிலர் உலோகத்தை வைத்துச் சொல்வார்கள், சிலர் பிளாஸ்டிக்கை வைத்துச் சொல்வார்கள், இரண்டும் நேர் எதிர். ஜோடியாகவே வாங்கிவிடுவது நிம்மதி.

பெயரில் உள்ள 60 என்பது தொடர்ந்து ஓடும் அளவு அல்ல. இதை முதலில் உருவாக்கிய ஆமாஸ் நிறுவனம் சொல்லும் கணக்கு, தொடர்ந்து 30 ஆம்பியர், சில நொடிகளுக்கு 60 ஆம்பியர். 4 எஸ், அதாவது நான்கு செல்களைத் தொடராக இணைத்த பேக்கில் ஓடும் ஐந்து இன்ச் ட்ரோனுக்கு இது சரியாகப் பொருந்தும், ஏனென்றால் த்ராட்டிலை முழுக்கத் திறந்து வைத்திருப்பது ஒரு சில நொடிதான். அசல் கனெக்டரில் நிறுவனப் பெயர் பிளாஸ்டிக்கிலேயே அச்சாகியிருக்கும். மலிவான நகலில் அதையும் சேர்த்தே நகலெடுப்பார்கள் என்பதால் அதை மட்டும் நம்ப வேண்டாம். நகலின் குணம் சால்டர் செய்யும்போது தெரிந்துவிடும். சூடு பட்டதும் பிளாஸ்டிக் மெழுகுபோல இளகி, குச்சி சாய்ந்துவிடும்.

ஒரு பேக்கை மாற்றிப் பார்ப்போம்

என்னிடம் 4 எஸ், 1500 எம்ஏஎச் பேக் ஒன்று பழைய டி-பிளக்கோடு இருந்தது. அதை எக்ஸ்டி-60க்கு மாற்றியதையே உதாரணமாகச் சொல்கிறேன்.

முதலில் பேக்கை சார்ஜரில் வைத்துச் சேமிப்பு நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அதாவது செல் ஒன்றுக்கு 3.8 வோல்ட், மொத்தம் 15.2 வோல்ட். முழுச் சார்ஜில் 16.8 வோல்ட் இருக்கும். சேமிப்பு நிலையிலும் ஷார்ட்டானால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஓடும், ஒயர் பிளக்கில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் ஏதாவது கோளாறு நடந்தால் உள்ளே இருக்கும் சக்தி குறைவாக இருக்கும். வேலையை மரப்பலகை மேல் செய்யுங்கள், ஸ்டீல் மேசை வேண்டாம். மோதிரம், உலோக ஸ்ட்ராப் வாட்ச் இரண்டையும் கழற்றிவிடுங்கள்.

அடுத்தது, இரண்டு ஒயரையும் ஒன்றாக வெட்டக் கூடாது. கட்டரின் இரண்டு வாயும் உலோகம். சிவப்பையும் கருப்பையும் சேர்த்துக் கடித்தால் கட்டரே ஷார்ட், வாயில் அரைவட்டமாக ஒரு துண்டு காணாமல் போகும். புதிதாக வருகிறவர்களில் பலரின் கட்டரில் இந்தத் தழும்பு இருக்கும். கருப்பை மட்டும் வெட்டுங்கள். சிவப்பு பழைய பிளக்கிலேயே இருக்கட்டும், அந்தப் பிளக்கின் மேல் டேப் சுற்றிவிடுங்கள். கருப்பை முழுதாக முடித்து மூடிய பிறகுதான் சிவப்பைத் தொட வேண்டும்.

கருப்பு ஒயரின் நுனியில் 5 மில்லிமீட்டர் போல உறையை உரியுங்கள். கிண்ணத்தின் ஆழம் அவ்வளவுதான், அதற்கு மேல் உரித்தால் வெறும் கம்பி வெளியே தெரியும். உரித்த உடனே 6 மில்லிமீட்டர் ஹீட் ஷ்ரிங்க் குழாயில் ஒரு துண்டை ஒயரில் கோத்து, சூடு படாத தூரத்துக்குத் தள்ளி வையுங்கள். கனெக்டருக்குத் தனி மூடி இருந்தால் அதையும் இப்போதே கோத்துவிடுங்கள். அழகாகச் சால்டர் செய்து முடித்த பிறகு குழாய் மேசையிலேயே கிடப்பதைப் பார்க்கும் வேதனை எனக்கு இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

இப்போது கனெக்டர். வேறொரு எதிர்ப் பாதியை அதில் செருகிவிட்டுக் கிளிப்பில் பிடிக்க வையுங்கள். சூட்டில் பிளாஸ்டிக் கொஞ்சம் இளகினாலும், எதிர்ப் பாதி உள்ளே இருப்பதால் உலோகம் நேராகவே நிற்கும், சூட்டில் கொஞ்சத்தையும் அது வாங்கிக்கொள்ளும். அந்த எதிர்ப் பாதியில் ஒயர் எதுவும் இருக்கக் கூடாது, அதன் பின்பக்கத்தை டேப்பால் மூட வேண்டும். இரண்டாவது ஒயரைச் சேர்த்ததும் அதன் கிண்ணங்களிலும் 15 வோல்ட் வந்துவிடும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

சால்டரிங் அயர்ன் விஷயத்தில் பலருக்கும் உள்ளுணர்வு தப்பான திசையில் போகிறது. பிளாஸ்டிக் உருகிவிடுமே என்று பயந்து சூட்டைக் குறைக்கிறார்கள், ஊசி முனையைப் போடுகிறார்கள். 12 கேஜ் ஒயர் என்பது நல்ல கனமான செம்பு, அது சூட்டை உறிஞ்சிக்கொண்டே போகும். சின்ன முனை கிண்ணத்தைச் சூடாக்க அரை நிமிடம் எடுத்தால், அந்த அரை நிமிடமும் சூடு பிளாஸ்டிக்குக்கு இறங்கிக்கொண்டிருக்கும். ஈயம் உருகும் முன் பிளாஸ்டிக் இளகிவிடும். அகலமான உளி முனை, 60 வாட்டுக்குக் குறையாத அயர்ன், 400 டிகிரி. தொட்டு, மூன்று நான்கு நொடியில் வேலையை முடித்துவிட்டு எடுத்துவிட வேண்டும். ஈயம் 63/37 வகை, அதாவது 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்தது, நல்லது. அது 183 டிகிரியில் நேராகத் திரவமாகி, அதே சூட்டில் நேராகத் திடமாகும், நடுவில் கூழாக நிற்கும் நிலை கிடையாது. ஃப்ளக்ஸ் ரோசின் வகையாக இருக்கட்டும். தகர வேலைக்கு விற்கும் ஆசிட் பேஸ்ட் பின்னால் ஒயரையே அரித்துவிடும்.

முதலில் ஒயர் நுனியில் ஃப்ளக்ஸ் தடவி, கீழிருந்து சூடு காட்டி, மேலிருந்து ஈயத்தைக் கொடுங்கள். கம்பி இழைகளுக்கு நடுவே ஈயம் ஊறி, இழைகளின் கோடு லேசாகத் தெரியும் அளவில் நிறுத்துங்கள். அதிக நேரம் பிடித்தால் ஈயம் உறைக்குள் ஏறிவிடும். ஏறிய தூரம் வரை ஒயர் குச்சியாக விறைத்துவிடும், பிறகு அதிர்விலும் இழுப்பிலும் விறைப்பு முடிகிற இடத்தில் இழைகள் ஒவ்வொன்றாக அறுந்துகொண்டே வரும். வெளியே உறை நன்றாகவே இருப்பதால் ரொம்ப நாள் தெரியாது.

அடுத்து கிண்ணம். அதன் திறந்த வாய் மேலே பார்க்கும்படி வைத்து, முக்கால் பங்கு ஈயத்தால் நிரப்புங்கள். பிறகு சேர்ப்பு. அயர்ன் முனையைக் கிண்ணத்தின் பக்கத்தில் வைத்து, உள்ளே ஈயம் பளபளவென்று திரவமானதும் ஒயரை மேலிருந்து இறக்குங்கள். ஒயரில் உள்ள ஈயமும் உருகி இரண்டும் ஒன்றாவதைக் கண்ணால் பார்க்கலாம், விளிம்பு சட்டென்று வழுவழுப்பாகும். அதுதான் அயர்னை எடுக்கும் நேரம். எடுத்த பிறகு ஐந்தாறு நொடி ஒயர் ஆடவே கூடாது. ஊதவும் கூடாது.

ஆறியதும் பார்த்தால், 63/37 ஈயம் பளபளப்பாகவும் ஒயரின் மேல் சரிந்து ஏறினாற்போலவும் இருந்தால் நல்ல சேர்ப்பு. சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக இருந்தால் ஆறும்போது ஆடியிருக்கிறது. உருண்டையாகத் திரண்டு ஒயரைச் சுற்றி மெல்லிய கோடு தெரிந்தால், ஒயர் சூடாகவே இல்லை, ஈயம் அதை மூடியிருக்கிறதே தவிர ஒட்டவில்லை. இரண்டையும் மறுபடி ஃப்ளக்ஸ் போட்டு உருக்க வேண்டும். பிறகு ஒயரைப் பிடித்து நன்றாக இழுத்துப் பாருங்கள். வருவதாக இருந்தால் மேசையிலேயே வந்துவிடட்டும்.

ஹீட் ஷ்ரிங்க்கைத் தள்ளி, கிண்ணம் முழுதும் மூடும்படி சுருக்குங்கள். ஹாட் ஏர் கன் இருந்தால் அது, இல்லையென்றால் அயர்னின் தண்டைப் பக்கத்தில் காட்டினால் போதும். லைட்டர் வேண்டாம், கைக்கெட்டும் தூரத்தில் லிப்போ பேட்டரி இருக்கிறது. கருப்பு முடிந்தது. இனி சிவப்பை வெட்டி, அதே வரிசையில், மார்க்கர் கோடு உள்ள கிண்ணத்தில்.

முடித்ததும் மல்டிமீட்டர். டிசி வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையைச் சதுரப் பக்கத்து ஓட்டையிலும், கருப்பு முனையைச் சீவிய பக்கத்து ஓட்டையிலும் வையுங்கள். என் பேக்கில் 15.2 காட்டியது. எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி வந்து −15.2 என்று காட்டினால் துருவம் மாறியிருக்கிறது. இந்தச் சோதனையை ஒயர் நிறத்தை நம்பாமல் கனெக்டரின் வடிவத்தை வைத்துச் செய்ய வேண்டும். தயாராகச் சால்டர் செய்து விற்ற ஒரு அடாப்டர் ஒயர் எனக்கு ஒருமுறை சிவப்பு மைனஸிலும் கருப்பு பிளஸிலுமாக வந்தது. பாக்கெட் பிரித்த சூட்டோடு மாட்டியிருந்தால் இன்னொரு போர்டுக்கும் காசு தேட வேண்டியிருக்கும்.

மோசமான சேர்ப்பு என்ன செய்யும்

துருவத் தப்பு உடனே தண்டனை கொடுக்கும். சால்டர் தப்பு அப்படி இல்லை, பறக்கவிட்டு நடுவானில் கணக்குத் தீர்க்கும்.

நல்ல கனெக்டரின் தொடர்பு மின்தடை அரை மில்லி ஓம் போல இருக்கும். உருவாகும் சூடு என்பது மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்குவது. 60 ஆம்பியர் ஓடினால் 60 × 60 × 0.0005, அதாவது 1.8 வாட். கை வைத்தால் வெதுவெதுப்பு, அவ்வளவுதான். ஒட்டாத சேர்ப்பினால் அதே இடத்தில் 5 மில்லி ஓம் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது 18 வாட். எலக்ட்ரானிக்ஸ் கடையில் முதன்முதலில் வாங்குவோமே 25 வாட் அயர்ன், கிட்டத்தட்ட அது கனெக்டருக்குள்ளேயே உட்கார்ந்து சூடேற்றுவது போல. கூடவே 0.3 வோல்ட் வழியிலேயே தொலைகிறது.

சூடு ஏற ஏறச் சேர்ப்பு இன்னும் கெடும், கெடக் கெட மின்தடை கூடும், கூடினால் மறுபடி சூடு. 183 டிகிரியைத் தொட்டால் ஈயமே இளகி ஒயர் கழன்றுவிடும். அது பெரும்பாலும் த்ராட்டில் முழுக்கத் திறந்த நேரத்தில்தான் நடக்கும், அப்போதுதானே அதிக ஆம்பியர். கீழே நிற்பவருக்கு ட்ரோனிலிருந்து வரும் வீடியோ சட்டென்று கறுத்து, மோட்டார் சத்தம் நின்று, ட்ரோன் கல் விழுவது போல விழும்.

மல்டிமீட்டரின் ஓம் அளவில் இதைக் கண்டுபிடிக்க முடியாது. சாதாரண மீட்டரில் அதன் ஒயரின் தடையே சில நூறு மில்லி ஓம் வரும், 5 மில்லி ஓம் அதற்குள் மறைந்துபோகும். 'பீப்' சத்தம் வந்துவிட்டது, எனவே சேர்ப்பு நன்று என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரே ஒரு இழை தொட்டுக்கொண்டிருந்தாலும் பீப் வரும்.

ட்ரோன் பக்கம்

ட்ரோனில் குச்சி உள்ள பாதியைச் சால்டர் செய்வதும் இதே முறைதான், மின்சாரம் இல்லாததால் பயமும் குறைவு. இரண்டு ஒயரும் இஎஸ்சியின் பெரிய தகடுகளில் போய்ச் சேர்கின்றன. அங்கேயும் '+', '−' அச்சு இருக்கிறது, அங்கேயும் மாற்றி வைக்கலாம். ஆகவே கனெக்டரின் சீவிய பக்கத்துக் குச்சியிலிருந்து இஎஸ்சியின் மைனஸ் தகடு வரை மீட்டரில் பீப் பாருங்கள், சதுரப் பக்கத்திலிருந்து பிளஸ் தகடு வரையும் அப்படியே. பிறகு இரண்டு குச்சிக்கும் நடுவே பாருங்கள். கெப்பாசிட்டர் இருப்பதால் ஒரு கணம் பீப் வந்து நின்றுவிடலாம். நிற்காமல் கத்தினால் எங்கோ ஈயம் சிந்தி ஷார்ட்டாகியிருக்கிறது, பேட்டரியைப் பக்கத்தில் கொண்டுவர வேண்டாம்.

முதல் முறை நேராகப் பேட்டரியைக் கொடுக்காமல் நடுவே ஒரு பல்பு வைப்பது என் வழக்கம். கார் இண்டிகேட்டரின் 12 வோல்ட், 21 வாட் பல்பைப் பிளஸ் ஒயரில் தொடராக வைத்து, இரு முனையிலும் எக்ஸ்டி-60 மாட்டிய சின்ன ஒயர் ஒன்று செய்துகொள்ளலாம். எல்லாம் சரியாக இருந்தால் கெப்பாசிட்டர் நிரம்பும்போது பல்பு ஒரு முறை மின்னி மங்கிவிடும், ஃப்ளைட் கன்ட்ரோலரின் விளக்கு எரியும். பல்பு பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் ஷார்ட், அல்லது துருவம் மாறியிருக்கிறது. ஓடுவது இரண்டு ஆம்பியர் அளவுக்குள் அடங்குவதால், உடனே கழற்றினால் பெரும்பாலும் போர்டு தப்பிவிடும். 4 எஸ் மின்னழுத்தம் இந்த பல்புக்கு அதிகம்தான், சில நொடிச் சோதனைக்குத் தாங்கும். பல்பு நடுவே இருக்கும்போது மோட்டாரைச் சுற்றிப் பார்க்காதீர்கள், மின்னழுத்தம் விழுந்து போர்டு ரீசெட் ஆகும்.

பல்பை எடுத்துவிட்டு நேராகச் செருகும்போது 'டப்' என்று சின்னத் தீப்பொறி வரும். காலி கெப்பாசிட்டர் நிரம்புவதால் வருவது அது, கோளாறு அல்ல. தயங்கித் தயங்கிச் செருகினால்தான் பொறி நீண்டு குச்சியின் முலாமைக் கருக்கும். நேராகப் பிடித்து, ஒரே அழுத்தில். கழற்றும்போது மஞ்சள் பிளாஸ்டிக்கைப் பிடித்துக் கழற்ற வேண்டும், ஒயரைப் பிடித்து இழுப்பவர்களின் சேர்ப்புகள் எத்தனை நன்றாகச் செய்தாலும் நிற்பதில்லை.

முதல் பறப்பு மூன்று நிமிடத்தோடு இறக்கிவிட்டு, உடனே விரலால் தொட்டுப் பாருங்கள். ஒயர் முழுதும் ஒரே மாதிரி சூடாக இருந்தால் ஒயர் மெல்லியது. ஒயர் குளிர்ந்திருந்து மஞ்சள் கனெக்டரின் பின்பக்கம் மட்டும் சுட்டால் அந்தச் சேர்ப்பு கெட்டது, சிவப்பா கருப்பா என்பதுகூட விரலுக்குத் தெரியும். இரண்டு பாதியும் சேரும் நடுப்பகுதி சுட்டால் குச்சி தளர்ந்திருக்கிறது. குச்சியின் நுனி நான்காகப் பிளந்திருக்கும். ட்ரோனில் பேட்டரி இல்லாதபோது மெல்லிய கத்தி நுனியை அந்தப் பிளவில் வைத்து மயிரிழை அளவு விரித்தால் பிடிப்பு திரும்ப வரும். இரண்டாவது முறையும் தளர்ந்தால் விரிக்காமல் வெட்டிப் போட்டுவிட்டுப் புதிது மாட்டுகிறேன். கருகிய, நிறம் மாறிய, குச்சி சாய்ந்த கனெக்டரும் அதே டப்பாவுக்குப் போகும். சால்டர் செய்யும்போது எதிர்ப் பாதியாகச் செருகி வைக்கக்கூட அவை உதவாது, சாய்ந்த குச்சி புதியதையும் சாய்த்துவிடும்.